தெருவோர வியாபாரிக்கு ஒரு சான்றிதழ்!

தலையில் ஒரு கூடை. கையில் ஒரு தராசு. தெருவோர வியாபாரிகள் பலருக்கு இவைதான் சொத்து. ஒரு நாள் இவை லாரியில் ஏறிப் போய்விட்டால், மறுநாள் வியாபாரத்துக்கு முதல் கிடையாது.

இவர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. ஆனாலும் பலருக்கு அது எட்டுவதில்லை. ஏன்?

முதலாளி இல்லாத தொழில்

பழைய தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவை, முதலாளி ஒருவர், அவரிடம் சம்பளம் வாங்குபவர் ஒருவர் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. மில்லில் சம்பளம் தராவிட்டால் முதலாளியைக் கேட்கலாம். தெருவில் தக்காளி விற்கும் பெண் யாரைக் கேட்பார்? அவருக்கு அவரே முதலாளி, அவரே கூலி. வருகைப் பதிவேடு கிடையாது. சம்பளச் சீட்டும் கிடையாது. ஆகவே, அந்தச் சட்டங்கள் அவரைத் தொடாமலே போய்விட்டன.

தெருவோர வியாபாரமும் ஒரு தொழில். அதைச் செய்ய மக்களுக்கு அடிப்படை உரிமை உண்டு. ஆனால் சர்க்கார் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 1989-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதன் பிறகு 25 ஆண்டுகள் கழித்து, 2014-ம் ஆண்டு மே 1-ந் தேதி, தெருவோர வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் அமலுக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

நகராட்சியும் மாநகராட்சியும் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது தெருவோர வியாபாரிகளைக் கணக்கு எடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

அதற்குப் பிறகும் ஒருவரை இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீசு கொடுக்க வேண்டும்.

ஒரு கூடையின் கதை

ஒரு பெண் தண்டல்காரரிடம் 2,000 ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் போக கையில் வருவது 1,800 ரூபாய். தினம் 100 ரூபாய் வீதம் 20 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்க்குத் தக்காளி வாங்கிக் கடை போடுகிறார். காலை 10 மணிக்கு லாரி வருகிறது. கூடையும் தராசும் போகின்றன.

நோட்டீசு கொடுத்தும் இடத்தைக் காலி செய்யாதவரின் சரக்கைத்தான் சட்டப்படி பறிமுதல் செய்யலாம். அப்போதும் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு, ஒரு பிரதி தர வேண்டும். அவர் உரிய கட்டணம் செலுத்திக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். தராசு போன்ற பொருளை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பட்டியல் தராவிட்டால்? இவ்வளவு தக்காளி எடுத்தார்கள் என்று காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அலைந்து திரிந்து நாலாம் நாள் கூடை கிடைத்தாலும் தக்காளி அழுகியிருக்கும். தண்டல்காரரோ அன்று மாலையே 100 ரூபாய்க்கு வந்து நிற்பார்!

கணக்கில் விட்டுப்போனவர்கள்

பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியாதவரை எல்லா வியாபாரிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. முடிந்துவிட்டாலோ, சான்றிதழ் உள்ளவருக்குத்தான் முழுப் பாதுகாப்பு. சான்றிதழின்படி வியாபாரம் செய்பவரைப் போலீசார் தடுக்கக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் விற்பவருக்கு 2,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

கணக்கு எடுக்க வந்த அன்று காய்ச்சலில் படுத்திருந்தவர் விட்டுப்போகலாம். ஒரு தெருவில் நில்லாமல் கூவி விற்பவரும், மாலையில் மட்டும் கடை போடுபவரும் விட்டுப்போகலாம். பாதுகாக்க வந்த கணக்கெடுப்பே இவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

வழி உண்டா?

உண்டு. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவிலும் சான்றிதழ் கேட்டு மனுக் கொடுக்கலாம். தெருவில் இடம் இருந்தால், திட்டத்துக்கு உட்பட்டு அதைத் தரலாம். ஆனால் தந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு இந்தக் குழுவின் பொறுப்பில் நடக்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தவர் பெயரை எடுத்துச் சொல்ல, அதே தெருவில் கடை போடும் ஒருவர் குழுவில் இருந்தால்தான் முடியும். பிரதிநிதிகளுக்குத் தேர்தல் நடக்காத ஊரில், அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது.