தேயும் ஓசைக்குத் துணையாக ஒரு சிட்டிகை இரைச்சல்

கச்சேரிப் பதிவின் கடைசி விநாடிகள். தம்புராவின் ஓசை மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. அதைச் சிதையாமல் காப்பாற்ற ஒலிப்பொறியாளர் ஒரு விசித்திரமான காரியம் செய்கிறார்: சுத்தமான பதிவில் தெரிந்தே இரைச்சலைக் கலக்கிறார். அதற்குப் பெயர் டிதர்.

ஸ்டூடியோவின் 24 பிட் பதிவில் ஒலியை அளக்க 1 கோடியே 67 லட்சம் படிகளுக்கு மேல் உண்டு. சிடிக்குப் போகும் 16 பிட்டில் 65,536தான். மாற்றும்போது இடைப்பட்ட மதிப்புகளைப் பக்கத்துப் படியில் ஏற்றவோ இறக்கவோ வேண்டும். உரத்த பாட்டில் இந்த அரைப்படிப் பிசகு யாருக்கும் தெரியாது. தேயும் ஓசை ஒரு படிக்கும் கீழே போகும்போதுதான் வினை. 0.7 படி உயரமுள்ள வளைவான அலை 1, 0, -1 என மூன்றே மதிப்புகளில் கட்டம் கட்டமாகிறது. காதில் அது கரகரப்பு. 0.4 படிக்கு இறங்கினால் எல்லாமே பூஜ்ஜியம். ஓசை பட்டென்று அறுந்துவிடும்.

டிதர் இங்கே என்ன செய்கிறது? மதிப்பு 0.3 என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே முழு எண்ணாக்கினால் எத்தனை முறை செய்தாலும் 0தான். அதற்கு முன் -0.5க்கும் +0.5க்கும் இடையே குத்துமதிப்பாக ஓர் எண்ணைக் கூட்டினால், நூற்றுக்குச் சுமார் 30 முறை 1 வரும், மீதி 0. சராசரி 0.3! தொலைந்த ஓசை மெல்லிய 'உஸ்' சத்தத்துக்குள் உயிரோடு இருக்கிறது.

ஆனால் ஓர் எண் மட்டும் கூட்டினால் அந்த 'உஸ்' பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் இரண்டு எண்களைக் கூட்டுவதே வழக்கம். இரண்டு பகடைகளை உருட்டினால் 7 அதிகம் விழுவதுபோல நடுமதிப்புகள் அதிகம் வரும், இரைச்சலும் சீராகும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிப்ஷிட்ஸும் வாண்டர்கூயும் இந்தக் கணக்கை விரிவாக ஆராய்ந்தவர்கள். இதற்குத் தரும் விலை, இரைச்சல் சுமார் 4.8 டெசிபல் கூடுவது.

எல்லோருக்கும் இது தேவையா? வீட்டில் மின்விசிறி சுற்ற, சாதாரண மைக்கில் பதிந்த பேச்சுக்கு வேண்டியதில்லை. அறையின் இரைச்சலே 16 பிட்டின் கடைசிப் படியைவிடப் பல மடங்கு பெரிது. அதுவே இலவச டிதர். எம்பி3 ஆக்கப்போகிறவர்கள் 24 பிட் கோப்பையே நேராகக் கொடுத்துவிடலாம். மாஸ்டரிங்குக்கு அனுப்புகிறவர்களும் அப்படியே. டிதர் போட்ட கோப்பைத் திரும்பத் திருத்தி மறுபடி டிதர் போட்டால் இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும். கணினியில் உருவான, பின்னணி இரைச்சலே இல்லாத இசையும், நீண்ட ஃபேடும் 16 பிட்டுக்குப் போகும்போதுதான் அது பிழைப்பைக் காட்டும். 256 படிகளே உள்ள 8 பிட்டில் வித்தியாசம் யார் காதுக்கும் கேட்கும்.

சந்தேகமிருந்தால் டிதரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு கோப்புகள் எடுங்கள். ஃபேடின் கடைசி ஐந்து விநாடிகளை மட்டும் வெட்டி, இரண்டையும் 50 டெசிபல் உயர்த்திக் கேளுங்கள். கரகரப்பு எதிலும் இல்லையென்றால் உங்கள் பதிவுக்கு டிதர் தேவைப்படவில்லை.