அழுக்கு திரளும் நேரம், பாகு பதமாகும் நேரம்

ஒரு டன் கரும்பை ஆலையில் கொடுத்தால் சுமார் 600 கிலோ சாறு இறங்கும். அதைக் காய்ச்சி முடித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 100 கிலோ வெல்லம். மீதி பெரும்பாலும் தண்ணீர், ஆவியாகிப் போய்விடும். இந்தக் காய்ச்சலில் வெல்லத்தின் தரத்தை முடிவு செய்யும் கட்டங்கள் இரண்டு: தொடக்கத்தில் அழுக்கு எடுப்பது, கடைசியில் பதம் பிடிப்பது.

ஈரோடு மாவட்டத்தின் கவுந்தப்பாடி வட்டாரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச் சர்க்கரையை இவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்தான் வாங்குகிறார்கள். அச்சு வெல்லமானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் வேலை தொடங்குவது சாறு நிறைந்த கொப்பரையில். அடியில் எரிவது பெரும்பாலும் அதே கரும்பின் காய்ந்த சக்கை.

பிழிந்த சாறு கலங்கலாக, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். மண், நார்த்துணுக்கு, கரும்பின் தோலில் படிந்த மெழுகு, புரதம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பெரிய துணுக்குகள் வடிகட்டியில் நின்றுவிடும். நுண்ணியவை நிற்காது, அவற்றைத் திரள வைத்துத்தான் எடுக்க வேண்டும். திரள வைப்பது சூடும் சுண்ணாம்பும். சாறு இயல்பிலேயே சற்றுப் புளிப்புத்தன்மை கொண்டது. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சேர்த்ததும் அந்தப் புளிப்பு தணிகிறது. சூடு 80 டிகிரியைத் தாண்டும்போது புரதம் முட்டை வெள்ளைக்கரு போல உறைந்து, மற்ற அழுக்கையும் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை ஊற்றுவதும் இதற்காகவே. அந்தக் கொழகொழப்பில் மிக நுண்ணிய துகள்களும் சிக்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. சாறு தளதளவெனக் கொதித்துவிட்டால், திரண்ட அழுக்குப் படலம் உடைந்து மறுபடி சாற்றுக்குள் கரைந்துவிடும். அதனால் தீயைத் தணித்து வைத்து, கருத்த நுரையைத் துளையிட்ட கரண்டியால் வழித்து வழித்து எடுக்கிறார்கள். நுரை வெளுத்து, கீழே சாறு இளம் பொன்னிறமாகத் தெரிந்த பிறகுதான் தீயை ஏற்றுவார்கள். சுண்ணாம்பின் அளவிலும் கவனம் வேண்டும். குறைந்தால் அழுக்கு சரியாகத் திரளாது. கூடினால் வெல்லம் கருத்துவிடும்.

அடுத்து நீண்ட கொதிப்பு. நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது சில துளி எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். தண்ணீர் குறையக் குறைய, மிஞ்சிய பாகு கொதிக்கும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது. பதத்தின் சூட்சுமம் இதுதான். சுமார் 105 டிகிரியில் இறக்கினால் ஊற்றிச் சாப்பிடும் பாகு வெல்லம். 118 டிகிரியை ஒட்டி இறக்கினால் அச்சில் நிற்கும். இன்னும் இரண்டு மூன்று டிகிரி போனால் தேய்த்து உதிர்க்கக்கூடிய நாட்டுச் சர்க்கரை.

இந்தக் கடைசிச் சில டிகிரிகள் வேகமாக ஏறும். சற்று அசந்தாலும் அடிபிடித்துக் கசந்துவிடும். பல ஆலைகளில் வெப்பமானி கிடையாது. கரண்டியில் எடுத்த பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்கிறார் பதம் பார்ப்பவர். கரைந்து இழுத்தால் இன்னும் காய வேண்டும். கெட்டியாக உருண்டு, அதைத் தகரத்தில் எறிந்தால் ‘டங்’கென்று ஒலித்தால் பதம் வந்துவிட்டது. உடனே பாகைத் தொட்டியில் கொட்டிக் கிளறுகிறார்கள். ஆறும்போது கிளறுவதால் சர்க்கரைப் படிகங்கள் பெரிதாக வளராமல் நுண்ணியதாகப் பரவி, வெல்லம் சீராக இறுகுகிறது.

எவ்வளவு தேர்ந்த கையானாலும் பழைய கரும்பிடம் தோற்கும். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் ஆட்டிவிடுவது நல்லது. கிடக்கக் கிடக்க அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் மாறும். இவை எளிதில் படிகமாவதில்லை, ஈரத்தையும் இழுக்கும். அந்தச் சாற்றில் செய்த வெல்லம் அச்சில் நிற்காமல் தளரும். நின்றாலும் மழைக்காலத்தில் கசியும்.

பொறுமையாக அழுக்கெடுத்தாலும் வெல்லம் பழுப்பும் பொன்னும் கலந்த நிறத்தில்தான் வரும். சந்தையோ பளீர் மஞ்சளுக்கு அதிக விலை தருகிறது. அதற்காகச் சிலர் ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் பாகில் போடுகிறார்கள். அது அழுக்கை எடுப்பதில்லை, நிறத்தை மட்டும் வெளுக்கிறது. கந்தகத்தின் மிச்சத்தையும் வெல்லத்தில் விட்டுச் செல்கிறது. வெல்லத்தில் சல்பர் டை ஆக்சைடு பத்து லட்சம் பங்குக்கு 70 பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த வெளுப்பும் நிலைப்பதில்லை. சில வாரங்கள் இருப்பில் கிடந்தாலே மங்கத் தொடங்கும். கடையில் மஞ்சள் வெல்லத்துக்குப் பக்கத்தில் பழுப்பு வெல்லம் இருந்தால், கேட்டு வாங்க வேண்டியது பழுப்பைத்தான். ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து வைத்தால், கொப்பரையில் அழுக்கை ஒழுங்காக எடுத்தார்களா என்பதை அடியில் படியும் மண்ணும் நாரும் காட்டிவிடும்.