கொள்கலனில் அடங்காத சரக்கு: ரோ-ரோ கப்பலில் வாகனங்கள் பிணைக்கப்படுவது எப்படி?

இந்தியாவில் தயாராகும் கார்கள் எண்ணூர், மும்பை, குஜராத்தின் முந்த்ரா, பிபாவாவ் உள்ளிட்ட துறைமுகங்களிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கன்டெய்னர் எனப்படும் கொள்கலன்களில் செல்வதில்லை. பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்தை ஒத்த கப்பலுக்குள் ஓட்டுநர்கள் அவற்றை ஓட்டிச் சென்று நிறுத்துகின்றனர். சேருமிடத்தில் அவை மீண்டும் ஓட்டியே வெளியே கொண்டுவரப்படுகின்றன. இதுவே 'ரோல் ஆன் - ரோல் ஆஃப்', சுருக்கமாக ரோ-ரோ போக்குவரத்து ஆகும்.

கிரேன் தேவைப்படாததால் இது எளிதான முறையாகத் தோன்றலாம். உண்மையில், கிரேனின் வேலை குறையும் இடத்தில் மனிதக் கைகளின் வேலை பன்மடங்கு கூடுகிறது. அலையில் கப்பல் சாயும்போது சரக்கு நகராமல் பிணைக்கும் 'லாஷிங்' பணியே அதில் முதன்மையானது.

கொள்கலனில் இப்பணி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருளை அடுக்கிக் கட்டுவது ஏற்றுமதியாளரின் பொறுப்பு. அது துறைமுகத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொழிற்சாலையிலேயே முடிந்து, கதவுக்கு முத்திரையும் இடப்பட்டிருக்கும். கப்பலில் பெட்டியை மட்டும் பிணைத்தால் போதும். உலகெங்கும் பெட்டிகளின் மூலைகள் ஒரே அளவில் அமைந்திருப்பதால், 'ட்விஸ்ட் லாக்' எனும் திருகுப் பூட்டு எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. மேல்தளத்தில் கூடுதலாக இரும்புக் கம்பிகள் குறுக்காக மாட்டி முறுக்கப்படுகின்றன. கீழ்த்தளங்களில் செங்குத்தான வழிகாட்டிச் சட்டங்களே பெட்டிகளைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே இருப்பது தேயிலையா, இயந்திரமா என்பது துறைமுகத் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒவ்வொரு காரும் தனிக்கட்டு

ரோ-ரோ கப்பலில் இந்த வசதி இல்லை. ஏற்றி இறக்கும் பணியைச் செய்யும் ஸ்டீவடோர் நிறுவனத்தின் தொழிலாளர்கள் குழுக்களாகப் பிரிகின்றனர். ஓட்டுநர் குழு கார்களை வரிசையாக உள்ளே கொண்டுசெல்கிறது. இறங்கிய ஓட்டுநர்களை ஒரு வேன் ஏற்றிக்கொண்டு மீண்டும் கரைக்கு அழைத்து வருகிறது. உள்ளே நிற்கும் வழிகாட்டி, சைகை காட்டிக் காரை இடத்தில் நிறுத்துகிறார். பக்கவாட்டில் சுமார் 10 சென்டிமீட்டர், முன்பின் சுமார் 30 சென்டிமீட்டர் என்பதே இரு கார்களுக்கிடையே வழக்கமாக விடப்படும் இடைவெளி. புதிய காரில் ஒரு கீறல் விழுந்தாலும் இழப்பீட்டுக் கோரிக்கை எழும். எனவே மோதிரம், கைக்கடிகாரம், உலோகப் பொத்தான் உள்ள உடை ஆகியவற்றுக்கு இங்கு இடமில்லை. என்ஜின் புகை தேங்காதிருக்கக் காற்றோட்ட விசிறிகளும் தொடர்ந்து இயங்க வேண்டும்.

பின்னர் லாஷிங் குழு வருகிறது. கைப்பிரேக் இழுக்கப்பட்டு, கியர் போடப்பட்ட நிலையில், ஒவ்வொரு காரும் பொதுவாக நான்கு பட்டைகளால் தளத்துடன் பிணைக்கப்படுகிறது. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு. பட்டையின் ஒரு முனை காரின் இழுவைக் கொக்கியிலோ சக்கரத்திலோ மாட்டப்படும். மறுமுனை தளத்திலுள்ள துளைகளில் பொருத்தப்படும். 5,000 கார்கள் ஏறும் கப்பலில் இவ்வாறு 20,000 பட்டைகள் கையால் மாட்டி இறுக்கப்படுகின்றன. அளவுக்கு மீறி இறுக்கினால் காரின் சஸ்பென்ஷன் பழுதாகும். தளர்வாக விட்டால் கார் நகரும்.

ஒரு கார் நகர்ந்தால் அதன் பாதிப்பு அதனுடன் நிற்பதில்லை. கொள்கலனுக்குள் கட்டு அவிழ்ந்தால் பொருளைப் பெட்டியின் சுவர் தடுக்கும். ரோ-ரோ தளமோ வாகனங்கள் ஓடுவதற்காகத் தடுப்புச் சுவர்கள் பெரிதும் இன்றித் திறந்தவெளியாக அமைக்கப்பட்டுள்ளது. கட்டவிழ்ந்த கார் அடுத்ததை மோத, அது அடுத்ததைத் தள்ளும்.

நன்றாகக் கட்டப்பட்ட பட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2006 ஜூலையில் நிகழ்ந்த 'கூகர் ஏஸ்' விபத்து சான்று. ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்ற அக்கப்பலில் சுமார் 4,800 வாகனங்கள் இருந்தன. அவற்றில் 4,703 மாஸ்டா நிறுவனத்தின் கார்கள். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே, கப்பலின் சமநிலைக்காக நிரப்பப்படும் கடல்நீரை மாற்றும்போது கப்பல் சுமார் 60 டிகிரி சாய்ந்தது. மாலுமிகள் 23 பேரும் மீட்கப்பட்டனர். கார்களில் பெரும்பாலானவை பட்டைகளில் தொங்கியபடியே வாரக்கணக்கில் தம் இடத்தில் இருந்தன. ஆயினும், அத்தனை நாள் சாய்ந்து கிடந்த கார்களை விற்க விரும்பாத மாஸ்டா, அவை அனைத்தையும் அழித்துவிட்டது. லாஷிங் சரக்கை அதன் இடத்தில் வைத்திருக்கும். கப்பலின் சமநிலையைக் காப்பது வேறொரு பணி.

கனரக உருப்படிக்குக் கணக்கு தேவை

காரின் எடை முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்பதால் நான்கு பட்டை என்ற வழக்கம் போதுமானதாகிறது. கொள்கலனில் அடங்காமல் தனித்தனி உருப்படிகளாகச் செல்லும் 'பிரேக் பல்க்' சரக்குக்கு அத்தகைய வழக்கம் உதவாது. மின்மாற்றி, காற்றாலை இறக்கை, எஃகுச் சுருள் என ஒவ்வொன்றுக்கும் எடையும் வடிவமும் வேறு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1991-ல் ஏற்ற சரக்குப் பிணைப்பு நெறிமுறை, இதற்கு ஓர் எளிய விதியைத் தருகிறது: ஒரு பக்கத்திலுள்ள கட்டுகள் அனைத்தின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் கூட்டினால், அது உருப்படியின் எடைக்குக் குறையக் கூடாது. மறுபக்கத்துக்கும் இதே அளவு தனியாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 60 டன் மின்மாற்றி ஒன்று சக்கரங்கள் பொருத்திய தாழ்வான டிரெய்லரில் ஏற்றப்பட்டு, ரோ-ரோ கப்பலுக்குள் இழுத்துச் செல்லப்படுகிறது எனக் கொள்ளலாம். பயன்படுத்தப்படும் சங்கிலி 20 டன்னில் அறுபடும் வகையைச் சேர்ந்தது. சங்கிலிக்கு அறுபடும் சுமையில் பாதியையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது நெறிமுறை. அதாவது ஒரு சங்கிலிக்கு 10 டன். எனவே மின்மாற்றியை டிரெய்லருடன் பிணைக்கப் பக்கத்துக்கு 6 என 12 சங்கிலிகள் தேவை. டிரெய்லரின் எடை 10 டன் என்றால், மொத்தம் 70 டன்னையும் தளத்துடன் பிணைக்கப் பக்கத்துக்கு 7 என மேலும் 14 சங்கிலிகள் வேண்டும். முதற்கட்டு உறுதியாக இருந்து இரண்டாவது பலவீனமாக இருந்தால், சரக்கு டிரெய்லரோடு சேர்ந்தே நகரும். இடத்தில் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்குத்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கோணம் தவறினால் பயனில்லை. தளத்துடன் 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சங்கிலி, சரக்கு சாயாமல் தடுக்க உதவலாம். பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்கும் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. இரும்பின் மேல் இரும்பை நேரடியாக வைப்பதும் ஆபத்தானது. இரண்டும் நனைந்தால் உராய்வே இல்லை என்றே நெறிமுறை கருதுகிறது. இதனால்தான் இடையே மரக்கட்டையோ ரப்பர் விரிப்போ இடப்படுகிறது. கணக்குத் தெரியாதவர் செலவை மிச்சப்படுத்த எண்ணி முதலில் கைவிடுவதும் இந்த மரக்கட்டைகளையே.

ஸ்டீவடோர் தொழிலாளர்கள் கட்டினாலும், கட்டு போதுமானதா எனச் சரிபார்த்து ஏற்பவர் கப்பலின் தலைமை அதிகாரி. புறப்பட்ட பின் இப்பொறுப்பு முழுவதும் மாலுமிகளைச் சேர்கிறது. கப்பலின் அதிர்விலும் டயர்களின் அசைவிலும் பட்டைகள் தளர்வதால், முதல் நாளிலும் மோசமான வானிலைக்கு முன்பும் அவர்கள் தளம் தளமாகச் சென்று பார்க்கின்றனர். தட்டிப் பார்த்தால் தொய்யும் பட்டை, மரக்கட்டையில் புதிதாகத் தெரியும் தேய்ப்புத் தடம், தளத்தின் வண்ணப்பூச்சில் விழுந்த கோடு ஆகியவை சரக்கு நகரத் தொடங்கியதன் அறிகுறிகள்.

இறக்கிய பின் பட்டைகளும் சங்கிலிகளும் அடுத்த பயணத்துக்காகச் சேகரிக்கப்படுகின்றன. இழை பிரிந்த பட்டை ஒதுக்கப்படும். இரும்புக் கம்பிவடத்துக்கு விதி இன்னும் கடுமையானது: ஒரே முறை பயன்படும் புதிய வடத்துக்கு அறுபடும் சுமையில் 80 சதவீதம் வரை கணக்கிடலாம், மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வடத்துக்கு 30 சதவீதமே அனுமதி.