பௌர்ணமியன்று வந்த புயல்

2021 மே 26. ஒடிசாவின் பாலசோருக்குத் தெற்கே, முற்பகலில் யாஸ் புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 130 முதல் 140 கிலோமீட்டர். அதற்கு ஓராண்டு முன்பு சுந்தரவனத்தைத் தாக்கிய ஆம்பன் புயலோடு ஒப்பிட்டால் இது சற்றுச் சாதுவான புயல்தான். ஆனாலும் புயல் கரையேறிய இடத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கு வங்கத்தின் சாகர் தீவிலும் மௌசுனியிலும் கோராமாராவிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. தீகாவில் அலைகள் கடற்கரைச் சுவரைத் தாண்டிக் கடைத்தெருவில் பாய்ந்தன.

காரணத்தை நாட்காட்டியிலேயே பார்த்திருக்கலாம். அன்று பௌர்ணமி, சந்திர கிரகணமும்கூட. போதாததற்கு, நிலா அந்தச் சுற்றில் பூமிக்கு மிக அருகில் வந்திருந்த நாளும் அதுவே.

புயல் கடலை உயர்த்துவது இரண்டு வழிகளில். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல்மட்டம் கொஞ்சம் மேலெழும்பும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அழுத்தம் 40 மில்லிபார் இறங்கினாலும் முழங்கால் அளவுக்கு மேல் வராது. பெரிய வேலையைச் செய்வது காற்று. அது நீரை மணிக்கணக்கில் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் அடியால் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்ப இடமில்லை. நீர் கரையோரம் குவிகிறது. வங்கக் கடலின் வடமுனை ஆழம் குறைந்தது, புனல்போலக் குறுகுவது. குவிவதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அதனால் புயல் போகும் திசைக்கு வலப்புறம் இருக்கும் கரையில்தான் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். வடமேற்காக நகர்ந்து ஒடிசாவில் ஏறிய யாஸுக்குத் தீகாவும் சாகர் தீவும் வலப்புறம்.

இதன்மேல்தான் ஓதம் வந்து சேர்கிறது. நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டின் இழுவையும் ஒன்றுசேர்வதால் ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். சென்னையில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஹூக்ளி முகத்துவாரத்திலோ பௌர்ணமியன்று நான்கு மீட்டரைத் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே ஓதம் ஏறி நிற்கிறது. புயல் இன்னும் இரண்டு மீட்டரைத் தள்ளுகிறது. தண்ணீர் நான்கு மீட்டர். அதே புயல் ஆறு மணி நேரம் பிந்தி, கடல் இரண்டு மீட்டர் வற்றியிருக்கும்போது வந்தால்? சராசரி மட்டத்தைத் தாண்டாது. கரையில் நிற்பவருக்கு வெள்ளம் வந்ததே தெரியாது. (ஆழமற்ற நீரில் இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதால் கூட்டல் இத்தனை துல்லியமாக வராது, ஆனால் போக்கு இதுதான்.)

2012 அக்டோபரில் நியூயார்க்கைத் தாக்கிய சாண்டி புயலில் இந்த வேறுபாடு ஒரே நாளில் அளக்கப்பட்டது. லாங் ஐலண்ட் சவுண்டின் மேற்கு முனையில் உள்ள கிங்ஸ் பாயின்ட்டில் புயல் மட்டும் உயர்த்திய நீர் 3.8 மீட்டருக்கும் மேல். ஆனால் அந்த உச்சம் வந்தபோது ஓதம் வற்றியிருந்தது. மன்ஹாட்டனின் தென்முனையில் அது 2.9 மீட்டர் மட்டுமே, ஆனால் ஓதம் ஏறிய வேளையில் வந்தது. சுரங்க ரயில் பாதைகள் மூழ்கின.

சுந்தரவனத்தில் தீவுகளைக் காப்பது பெரும்பாலும் மண் கரைகள். நீர் கரையின் உச்சியைத் தாண்டி வழியத் தொடங்கியதும் உட்புறச் சரிவை அரிக்கிறது. சரிவு கரைய, உச்சி இடிகிறது. சிறு வழிசல் வாய்க்காலாகி, வாய்க்கால் உடைப்பாகிறது. புயல் அன்றைக்கே ஓய்ந்துவிடும், ஓதம் ஓயாது. அடைக்காத உடைப்பு வழியாக நாளுக்கு இரண்டு முறை உப்புநீர் உள்ளே வரும். குளத்து நன்னீர் மீன்கள் செத்து மிதக்கும், வெற்றிலைக் கொடிக்கால் கருகும், வயலில் இறங்கிய உப்பைக் கழுவ மழைக்காலங்கள் வேண்டும்.

புயல் அறிவிப்பில் "ஓதத்துக்கு மேல் இரண்டு முதல் நான்கு மீட்டர்" என்று வந்தால், அது தண்ணீரின் முழு உயரம் அல்ல. புயல் கூடுதலாகச் சேர்க்கப்போகும் அளவு மட்டுமே. தாழ்ந்த கரையில் வசிப்பவர்கள் கரையேறும் நேரத்தோடு தங்கள் ஊரில் ஓதம் ஏறும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால், காற்று வலுக்கும்வரை காத்திராமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.