கல்யாணச் செலவை ரொக்கமாகக் கொடுக்கலாமா? 2 லட்சம் வரம்பும் வங்கி பிடிக்கும் டிடிஎஸ்ஸும்

‘என் பணம், ரொக்கமா கொடுக்கிறேன். இதுல அரசாங்கத்துக்கு என்ன?’ கல்யாண வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பதில் கொடுப்பவரைவிட வாங்குபவருக்குத்தான் முக்கியம்.

2017 ஏப்ரல் 1 முதல், 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ யாரும் ரொக்கமாக வாங்கக் கூடாது. 269எஸ்டி என்ற பிரிவாக வந்த விதி இது. ‘பில்லைப் பிரிச்சுட்டா போச்சு’ என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. ஒருவரிடம் ஒரே நாளில் வாங்கும் மொத்தம், ஒரே பரிவர்த்தனைக்கு வாங்கும் தொகை, ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடம் வாங்கும் தொகை என மூன்று விதமாகவும் கணக்குப் பார்க்கப்படும்.

ஒரு உதாரணம். மண்டப உரிமையாளர் ஒருவரே சமையலையும் எடுத்துச் செய்கிறார். பெண்ணின் அப்பாவிடம் ஜனவரியில் வாடகையாக 1.20 லட்சம், மார்ச்சில் சாப்பாட்டுக்கு 90 ஆயிரம் ரொக்கமாக வாங்குகிறார். பில்லும் வேறு, நாளும் வேறு. ஆனால் கல்யாணம் ஒன்றுதான். மொத்தம் 2.10 லட்சம் ஆகிவிட்டது. தகுந்த காரணம் காட்ட முடியாவிட்டால் அபராதமும் அதே 2.10 லட்சம். அதைக் கட்ட வேண்டியவர் மண்டப உரிமையாளர். சாப்பாட்டுப் பணத்தை யுபிஐயில் வாங்கியிருந்தால் சிக்கலே இல்லை.

சரி, வங்கியிலிருந்து சொந்தப் பணத்தை எடுத்தால்? அதற்கு இந்த 2 லட்சம் வரம்பு கிடையாது. ஆனால் ஒரு நிதியாண்டில் ஒரு வங்கியில் 1 கோடிக்கு மேல் ரொக்கமாக எடுத்தால், கூடுதல் தொகைக்கு 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 1.40 கோடி எடுக்கும் வியாபாரிக்கு 40 லட்சத்துக்கு 80 ஆயிரம் பிடிபடும். முன்பு, 3 ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு 20 லட்சத்தைத் தாண்டியதுமே 2 சதவீதம், 1 கோடிக்கு மேல் 5 சதவீதம் என்று பிடித்தார்கள்.

இது திரும்பி வராத வரி அல்ல. 2005-ல் ரொக்கம் எடுக்க 0.1 சதவீத வரி வந்தது, போனது போனதுதான். 2009-ல் அதைக் கைவிட்டார்கள். இப்போது பிடிக்கும் 80 ஆயிரத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அரசு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

ஓட்டையும் உண்டு. 1 கோடி வரம்பு வங்கிவாரியாக என்பதால், இரண்டு வங்கிகளில் 90 லட்சம் வீதம் எடுத்தால் டிடிஎஸ் இல்லை. ஆனால் நடப்புக் கணக்கில் ஆண்டுக்கு 50 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் எடுத்தாலே, வங்கி வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுத்துவிடும். வரி தப்பலாம், தடயம் தப்பாது.