சித்திரையில் மல்கோவா ஏது, தங்கச்சி?

சித்திரை பிறந்துவிட்டது. காவேரிப்பட்டினத்துப் பழக்கடைகளில் மாம்பழ வாசனை கமகமக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தோப்புகளில் முந்தி வருவது செந்தூரா. ஒரு கடை வாசலில் இப்படி ஒரு பலகை தொங்குகிறது:

"செந்தூரா வந்துவிட்டது. இனிப்போடு இலேசான புளிப்பும் உண்டு. பெங்களூரா பின்னால் வரும். தின்பதற்குச் சுமார்தான், பெரும்பாலும் மாம்பழக்கூழ் ஆலைக்குப் போகும். நீலம் கடைசியில் வரும். மணம் நன்றாக இருக்கும். ஆனால் கொட்டைக்குள் வண்டு இருக்கலாம், வெளியே தெரியாது. முன்பணம் வாங்கப்படும்."

தன் சரக்கின் குறையைத் தானே எழுதி வைக்கும் வியாபாரி எத்தனை பேர்?

ஓர் அம்மாள் வந்தாள்.

"அண்ணே, 20ஆம் தேதி மகளுக்கு வளைகாப்பு. நூறு பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு மல்கோவா வேண்டும்" என்றாள்.

"சித்திரையில் மல்கோவா ஏது, தங்கச்சி? வைகாசி பாதிக்கு மேல்தான் முற்றும்."

"வேறு கடையில் தருவதாகச் சொன்னார்களே!"

"தருவார்கள். பிஞ்சைப் பறித்துக் கார்பைடு கல் வைத்தால் தோல் மஞ்சளாகிவிடும். முகர்ந்தால் மணம் இராது. அறுத்தால் கொட்டைப் பக்கம் வெளுத்துப் புளிக்கும். கல்லில் நஞ்சும் கலந்திருக்கும். சட்டமே தடுத்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அதையா கொடுப்பது?"

அந்தத் தடை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இருக்கிறது.

அவர் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு செந்தூராக் காய்களைப் போட்டார். இரண்டும் நல்ல சிவப்பு. ஒன்று மூழ்கியது, மற்றொன்று மிதந்தது.

"மூழ்கினது முற்றினது. மிதப்பது பிஞ்சு. சிவப்பைப் பார்த்து ஏமாறாதே. வெயில் பட்ட பக்கம் பிஞ்சிலேயே சிவக்கும். காம்பு குழியில் இறங்கி, இரு தோளும் மேலே புடைத்திருக்க வேண்டும்."

பிறகு கணக்குப் போட்டார். நூறு பேருக்கு நூறு பழம். அழுகலுக்குப் பத்து அதிகம். கிலோவுக்கு நாலைந்து நிற்கும்; ஆகவே இருபத்தைந்து கிலோ. முற்றிய காய் வைக்கோலில் பழுக்க ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். எனவே 14ஆம் தேதி பறிப்பு. முந்திப் பறித்தால் விசேஷத்தன்று குழைந்துவிடும். பிந்தினால் கல்லாக இருக்கும்.

"ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடை மழைக் காற்று அடித்துக் காய் உதிர்ந்துவிட்டால் என்னால் தர முடியாது. பணத்தை அன்றே திருப்பிவிடுவேன். நீ வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்றார்.

அந்த அம்மாள் சற்று யோசித்தாள். முந்தானையை அவிழ்த்து முன்பணத்தை எண்ணி வைத்தாள். அவர் நோட்டில் தேதியையும் எடையையும் எழுதினார்.

நாலடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, நிஜ மல்கோவா வந்ததும் சொல்லி அனுப்புங்கள். மகள் அப்போது நம் வீட்டில்தான் இருப்பாள்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார். அதற்கு முன்பணம் வாங்கவில்லை.