யார் செய்வது என்று சொல்லாத ஆவணம்

கொழும்பில் இயங்கும் ஒரு சர்வதேச நிறுவனம் கிளிநொச்சியில் மூன்று ஆண்டுகளாக வாழ்வாதாரத் திட்டமொன்றை நடத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டக் கிணறுகளைத் திருத்தினார்கள், கோழிக்கூடு அமைக்க உதவினார்கள். திட்டம் முடியும்போது அதனால் என்ன விளைந்தது என்று மதிப்பிட வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்துகிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில், எவ்வளவு பணத்துக்கு என்று ஆங்கிலத்தில் ஓர் ஆவணம் எழுதப்படுகிறது. தொண்டு நிறுவனங்களில் இதை ‘டி.ஓ.ஆர்.’ என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டுவது கிளிநொச்சியிலுள்ள உள்ளூர் நிறுவனம். அதன் கள உத்தியோகத்தர்களுக்காக ஆவணம் தமிழுக்கு வருகிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த ஆவணங்களின் ஆங்கிலத்தில் பல வேலைகளுக்குச் செய்பவர் இருப்பதில்லை. ‘தரவு திரட்டப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, சமர்ப்பிக்கப்படும்’ என்பது போலத்தான் வாக்கியங்கள் ஓடும். தமிழிலும் ‘படும்’ போட்டு அப்படியே எழுதிவிடலாம், இலக்கணப் பிழை எதுவும் வராது. ஆனால் சரிபார்ப்பது ஆலோசகரின் வேலை என்று உள்ளூர் நிறுவனம் நினைக்கும். உள்ளூர் நிறுவனம் சரிபார்த்துத் தரும் என்று ஆலோசகர் காத்திருப்பார். வயது எழுத வேண்டிய கட்டத்தில் தொலைபேசி எண் இருக்கும் படிவம்கூட யார் கண்ணிலும் படாமல் அறிக்கை வரை போய்விடும்.

எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் செய்ய வேண்டியது, ஆவணத்திலுள்ள வினைகளையெல்லாம் தனியே எடுத்து ஒவ்வொன்றின் எதிரிலும் அதைச் செய்பவரை எழுதுவது. ஆலோசகரா, உள்ளூர் நிறுவனமா, திட்ட அலுவலகமா? பெயர் கிடைக்காத இடங்களைத் தானே ஊகித்து நிரப்பக் கூடாது. அவற்றைக் கேள்வியாக்கி, ஆவணத்தை எழுதியவருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் பெற வேண்டும். அதன் பிறகு தமிழ் வாக்கியம் தானாகத் தெளிவாகிவிடும்: ‘அன்றன்று நிரப்பிய படிவங்களைக் கள மேற்பார்வையாளர் அன்று மாலையே பார்த்து, விடுபட்டவற்றைக் குறித்துத் திருப்பிக் கொடுப்பார்.’

அடுத்தது, யாரிடம் கேட்பது என்ற பகுதி. நம் உதாரணத்தில் 10 கிராம அலுவலர் பிரிவுகளில், பிரிவுக்கு 30 வீதம், 300 குடும்பங்கள். இங்கே ‘குடும்பம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. திருமணமான மகள் தாய் வீட்டிலேயே இருந்தாலும் கிராம அலுவலரின் பதிவில் தனிக் குடும்பமாக இருக்கக்கூடும். இத்தகைய கணக்கெடுப்புகள் வழக்கமாகப் பார்ப்பது பதிவை அல்ல, உலையை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவோர் எல்லோரும் ஓர் அலகு. இதைத் தமிழ் ஆவணம் ஒரு வரியில் சொல்லாவிட்டால் ஒரே கோழிக்கூட்டின் வருமானம் தாயின் படிவத்தில் ஒரு முறையும் மகளின் படிவத்தில் இன்னொரு முறையும் ஏறும்.

‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்பதும் அப்படியே. வடக்கில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் கணவன் மத்திய கிழக்கில் வேலை செய்து மாதாமாதம் பணம் அனுப்பும் வீடு அதில் சேருமா, சேராதா? ஆலோசகர் ஒரு முடிவைச் சொல்ல வேண்டும், தமிழ் ஆவணம் அதை எழுத வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் தனக்குச் சரியென்று பட்டதைக் குறிப்பார்.

எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறுவது பூட்டிய வீட்டு விதி. வெவ்வேறு நேரங்களில் இன்னும் இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும், அப்போதும் ஆளில்லையென்றால் முன்கூட்டியே தெரிவு செய்த மேலதிகப் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போக வேண்டும் என்பது ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக, பின்னிணைப்பில் எங்கோ இருக்கும். மொழிபெயர்த்தவர் அதைச் சரியாகவே தமிழாக்கியிருப்பார். ஆனாலும் கள உத்தியோகத்தரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு, “வீடு பூட்டிக் கிடந்தால் என்ன செய்வீங்கள், தம்பி?” என்று கேட்டால், “பக்கத்து வீட்டில கேட்டு முடிச்சிட்டு வருவம், அக்கா” என்ற பதில் வரலாம்.

இதில் சோம்பல் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது. ஆனால் பகலில் பூட்டியிருக்கும் வீடு பெரும்பாலும் வேலைக்குப் போனவர்களின் வீடு, திறந்திருக்கும் வீட்டில் இருப்பவர் முதியவராகவோ வேலை கிடைக்காதவராகவோ இருக்கலாம். பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டை எடுத்துக்கொண்டே போனால், உழைத்துச் சம்பாதிப்பவர்கள் கணக்கிலிருந்து கழன்று, திட்டம் யாருக்கும் பயன்படவில்லை என்று அறிக்கை சொல்லும். எனவே தமிழில் அந்த விதியைப் பின்னிணைப்பிலிருந்து முன்னே கொண்டுவந்து, காரணத்தையும் இரண்டு வரியில் சேர்க்க வேண்டும். காரணம் தெரிந்தவர் மாலையில் மறுபடி போவார்.

மறுபடி போவதற்குச் செலவு இருக்கிறது. 6 கணக்கெடுப்பாளர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 வீடுகள் என்றால் 10 நாளில் 300 முடிந்துவிடும். உள்ளூர் நிறுவனம் அந்தக் கணக்கிலேயே செலவுத்திட்டம் கொடுக்கும். ஆனால் ஐந்தில் ஒரு வீடு பூட்டியிருந்தாலே 60 வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும், எரிபொருளும் கூடுதல் நாட்களும் வேண்டும். தமிழ் ஆவணம் ஒப்பந்தம் எழுதிய பின் வந்தால் அந்தப் பணத்துக்கு வழியில்லை. விலை சொல்வதற்கு முன்பே அது நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும்.

பணம் பற்றிய பிரிவிலும் இதே கவனம் தேவை. 30, 40, 30 வீதம் என்று மூன்று தவணைகள் இருக்கிறதென்று கொள்வோம். கடைசித் தவணை அறிக்கையைச் ‘சமர்ப்பித்ததும்’ கிடைக்குமா, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டதும்’ கிடைக்குமா? ஏற்றுக்கொள்வதற்கு முன் நிதி வழங்குநரின் கருத்து வர வேண்டும், திருத்தம் செய்ய வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகலாம். கணக்கெடுப்பாளருக்கோ வேலை முடிந்த அன்றே நாட்கூலி கொடுக்க வேண்டும். உள்ளூர் நிறுவனம் எழுதாத அறிக்கையோடு அதன் பணத்தைக் கட்டிவைப்பதில் நியாயமும் இல்லை. 300 முழுமையான படிவங்கள், அவற்றில் 30 வீடுகளுக்கு மேற்பார்வையாளர் மீண்டும் போய் ஒப்பிட்டுப் பார்த்த பதிவு, இரண்டும் கையளிக்கப்பட்டால் பணம் என்று பிரித்து எழுதச் சொல்லலாம். இந்தக் கேள்வியை எழுப்பக் கிடைக்கும் ஒரே தருணம் மொழிபெயர்ப்பு நடக்கும் நேரம்தான்.

ஒரு வரம்பும் உண்டு. இரண்டு மொழிகளுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று இத்தகைய ஒப்பந்தங்களில் எழுதுவது வழக்கம். அப்படி இருந்தால் அதைத் தமிழின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிரிவு எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பின்போது தெளிவுபடுத்தியவற்றை ஆங்கிலப் பிரதியிலும் சேர்க்காவிட்டால், தகராறு வரும் நாளில் அந்தத் தெளிவுக்கு மதிப்பிருக்காது.

ஆகவே ஆவணங்களை அனுப்பும் அலுவலகங்களிடம் கேட்பது இது: தமிழாக்கத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கடைசி நாளில் இரண்டு கள உத்தியோகத்தர்களை உட்காரவைத்து, வாசித்ததைத் தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வேறாகச் சொல்லும் வரிகளைத் திருத்தி முடித்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.